தொலைந்த கொள்முதல் பில்லும் அதன் மறுபிரதியும்

ஒரு வியாபாரி சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி. வரியை, விற்கும்போது தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்கு, 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு-சேவை வரிச் சட்டம் தன் 16-ஆவது பிரிவில் சில நிபந்தனைகளை விதித்திருக்கிறது. அவற்றுள் முதலாவது, சரக்கை விற்றவர் கொடுத்த வரி பில் வாங்கியவர் கைவசம் இருக்கவேண்டும் என்பதாகும். அந்தக் கழிவுக்குத் தமக்கு உரிமை உண்டென்று நிரூபிக்கும் பொறுப்பையும் 155-ஆவது பிரிவு அதைக் கோருகிறவர் தலையிலேயே வைத்துவிட்டபடியால், பில் தொலைந்தவர் அதிகாரி கேட்கும் நாள்வரை காத்திராமல், தொலைந்தது தெரிந்த அன்றே மறுபிரதிக்கு முயலவேண்டியது அவசியமாகிறது.

திண்டுக்கல்லில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், கோயம்புத்தூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் 12-3-2025 அன்று 2,40,000 ரூபாய்க்கு ஒயரும் சுவிட்சும் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி 43,200 ரூபாய். ஆக மொத்தம் 2,83,200. சரக்கு லாரியில் வந்து சேர்ந்தது, பணம் ஏப்ரல் 20-ஆம் தேதி வங்கி மூலம் போய்ச் சேர்ந்தது, வரிக் கழிவும் எடுத்தாயிற்று. ஆனால் மே மாதத்தில் ஆடிட்டருக்குக் கொடுக்கக் கோப்பைப் புரட்டும்போது அந்த ஒரு பில் மட்டும் அங்கே இல்லை. அது கிடைக்காமலே போய், கழிவு தகாதென்று முடிவானால், 43,200 ரூபாயைத் திருப்பிக் கட்டுவதோடு, பயன்படுத்திய கழிவுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வீத வட்டியும் சேரும்.

இந்த நிலையில் சிலர் போலீஸ் நிலையத்துக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் ஓடிக் காசைக் கரைக்கிறார்கள். கொள்முதல் பில் தொலைந்ததற்கு அவ்விரண்டையும் ஜி.எஸ்.டி. சட்டம் கேட்கவில்லை; தனியான மனுப் படிவமோ கட்டணமோ அதற்கென்று கிடையாது. (தம்முடைய சொந்தப் பில் புத்தகம், அதிலும் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களோடு, தொலைந்துபோனால் அது வேறு விஷயம், அதைக்கொண்டு பிறர் போலிப் பில் எழுதக்கூடுமாகையால் உடனே புகார் கொடுத்துவிடவேண்டும்.)

சரக்கு விற்பனைக்கான பில்லை மூன்று பிரதிகளாகத் தயாரிக்கவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதிகளில் 48-ஆவது விதி. முதற்பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கோடு லாரியில் செல்வது, மூன்றாவது விற்றவரிடமே தங்குவது. ஆகவே நம் கடைக்காரர் முதலில் லாரி ஆபீஸில் விசாரிக்கலாம். சரக்கை இறக்கியபோது இரண்டாம் பிரதியும் கடையிலேயே விடப்பட்டு, லாரி ரசீதோடு சேர்த்துக் குத்தப்பட்டுக் கிடப்பது அபூர்வமன்று. அது அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், மூன்றாம் பிரதியைக் கணக்கோடு பாதுகாக்கும் சட்டக் கடமையில் கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

அவருக்கு டெலிபோனில் சொல்வதோடு நின்றுவிடாமல், மின்னஞ்சலிலோ தபாலிலோ எழுத்துமூலம் கேட்பது நல்லது. பில் எண், தேதி, தொகை, இருவருடைய ஜி.எஸ்.டி. பதிவு எண்கள் ஆகியவற்றைக் குறித்து, அசல் இன்ன காலத்தில் தொலைந்தது என்றும், அதே பில்லின் நகலை மறுபிரதி என்று முத்திரையிட்டுக் கையெழுத்துடன் அனுப்பவேண்டும் என்றும் நாலு வரி எழுதினால் போதும். பில் எண் நினைவில் இல்லையே என்று கலங்கவேண்டியதில்லை: விற்றவர் தம் விற்பனை விவரத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்திருந்தால், ஜி.எஸ்.டி. தளத்தில் ஏப்ரல் 14-ஆம் தேதி உருவாகும் மார்ச் மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் எண்ணும் தேதியும் வரித்தொகையும் அப்படியே பதிந்திருக்கும்.

வந்து சேரும் நகலைச் சரிபார்ப்பதில்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அதில் பழைய எண்ணும் 12-3-2025 என்ற பழைய தேதியுமே இருக்கவேண்டும். விற்றவருடைய குமாஸ்தா சிரமம் பாராமல் உதவுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடே, மே மாதத் தேதியிட்டுப் புது எண்ணில் ஒரு பில் போட்டு அனுப்பிவிடுவதுண்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டால், ஒரே சரக்குக்கு இரண்டு விற்பனைகள் அவர் கணக்கில் ஏறுகின்றன. இரண்டாவது பில்லுக்குச் சரக்கே நகரவில்லை. சரக்கில்லாமல் பில் கொடுப்பதும் அதைக்கொண்டு வரிக் கழிவு எடுப்பதும் 122-ஆவது பிரிவின்படி அபராதத்துக்குரிய குற்றங்கள். அப்படிப்பட்ட பில்லை உடனே திருப்பி அனுப்பி, அதை ரத்து செய்யும்படி எழுதிவிடவேண்டும். ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரமுள்ளவர்கள் கொடுக்கும் மின்னணு பில்லில் இந்தச் சோதனை இன்னும் எளிது. மறுபடி அச்சிட்ட பிரதியிலும் பழைய ஐ.ஆர்.என். எண்ணும் கியூ.ஆர். கட்டமும் மாறாமல் இருக்கவேண்டும்.

நகல் கொஞ்சம் மங்கலாக இருந்து சில விவரங்கள் தெரியாவிட்டாலும், வரித்தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, இருவர் பதிவு எண்கள், வெளிமாநில வியாபாரமானால் சரக்கு சேரும் மாநிலம் ஆகியவை படிக்கக்கூடியதாயிருந்தால் கழிவு எடுக்க 36-ஆவது விதி இடங்கொடுக்கிறது.

மறுபிரதி வரும்வரையில் எவற்றைப் பத்திரப்படுத்துவது? விற்றவருக்கு எழுதிய கடிதமும் அவர் பதிலும் முதலில். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகரும்போது போடவேண்டிய இ-வே பில் அடுத்தது. அதில் பில் எண்ணும் தேதியும் வண்டி எண்ணும் சேர்ந்தே இருப்பதால், சரக்கு உண்மையாகவே வந்தது என்பதற்கு அதைப்போன்ற சாட்சியம் வேறில்லை. அதனோடு லாரி ரசீது, சரக்கிருப்புப் புத்தகத்தில் அன்றைய வரவுப் பதிவு, பணம் கொடுத்ததைக் காட்டும் வங்கிக் கணக்குத் தாள், அந்த மாதத்து 2பி அறிக்கையின் அச்சுப்பிரதி ஆகியவை. வங்கித் தாள் ஏன் என்றால், பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள், நம் உதாரணத்தில் செப்டம்பர் 8-ஆம் தேதிக்குள், விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கழிவைத் திருப்பவேண்டும் என்று சட்டம் சொல்கிறது; கொடுத்தாயிற்று என்பதை அந்தத் தாளே பேசும்.

இவையெல்லாம் துணை ஆதாரங்கள்; பில்லுக்குப் பதிலாகத் தாமே நின்றுவிடமாட்டா. விற்றவர் கடையை மூடிவிட்டார், கடிதம் திரும்பி வந்துவிட்டது என்ற நிலையில், அந்தத் திரும்பிய உறையையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, அசல் தொலைந்த பத்திரத்துக்கு இரண்டாம்நிலைச் சான்று கொடுக்கலாம் என்ற 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தை ஆதாரமாக்கி வாதாட இடமுண்டு. ஆனால் அது வாதம்தான், உத்தரவாதமன்று. கழிவு இன்னும் எடுக்கப்படாமலிருந்தால் அவசரம் அதிகம்: 2024-25-ஆம் ஆண்டுப் பில்லுக்கு 2025 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்தர அறிக்கை அதற்கு முன்பே தாக்கலானால் அந்த நாளுக்குள், கழிவு எடுத்தாகவேண்டும்.

மறுபிரதி வருமுன் நோட்டீஸ் வந்துவிட்டால், வாளாவிருப்பதுதான் பெரிய தவறு. கையிலுள்ள துணை ஆதாரங்களை இணைத்து, மறுபிரதிக்கு எழுதியிருப்பதைச் சொல்லி, எழுத்துமூலம் கால அவகாசம் கேட்கலாம். தகுந்த காரணம் காட்டினால் மூன்று முறைவரை விசாரணையை ஒத்திவைக்க 75-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. நேரில் தம் தரப்பைச் சொல்லவேண்டும் என்று எழுதிக் கேட்டால் அந்த வாய்ப்பையும் அதிகாரி கொடுத்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகும் உத்தரவு பாதகமாக வந்தால், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகராறிலுள்ள வரியில் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டிக் கட்டவேண்டும், நம் கடைக்காரர் விஷயத்தில் 4,320 ரூபாய்.

மறுபிரதி வந்தபின் அதைக் கொள்முதல் பதிவேட்டில் புதிதாக ஏற்றாமல், பழைய பதிவின் பக்கத்திலேயே குறிப்பெழுதிச் சேர்க்கவேண்டும். தொலைந்த அசல் பின்னொருநாள் அகப்பட்டால் இரண்டையும் ஒன்றாகக் குத்திவைக்கவேண்டும். தனித்தனியே இருந்தால், வேறொரு கணக்கர் இரண்டாம் முறை கழிவு எடுத்துவிடவோ, இரண்டாம் முறை பணம் அனுப்பிவிடவோ ஏதுவாகும். அந்த ஆண்டின் வருடாந்தர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கவேண்டும் என்பது 36-ஆவது பிரிவு; 2024-25-க்கு அந்த நாள் 2025 டிசம்பர் 31 ஆகையால், இந்தக் கட்டு 2031 டிசம்பர் 31 வரை அலமாரியில் இருக்கவேண்டும், மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு வரையிலும்.