ஒரே சைக்கிளுக்கு ஆறு பிறந்த ஆண்டுகள்: நிறுவன வரலாற்றுக்கு ஆதாரம் திரட்டும் முறை

அம்பத்தூரில் பிறந்த பி.எஸ்.ஏ. சைக்கிள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு ஆறு விடைகள் உண்டு. பி.எஸ்.ஏ. என்ற பெயருக்கு மூலமான பர்மிங்ஹாம் துப்பாக்கி நிறுவனம் தொடங்கியது 1861-ல். சைக்கிளைத் தயாரிக்கும் முருகப்பா குழுமம் தன் தொடக்கமாகக் கொள்வது 1900-ல் பர்மாவின் மௌல்மீனில் நடந்த வட்டித் தொழிலை. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா பதிவானது 1949-ல். அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவரத் தொடங்கியது 1951-ல், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் 1964-ல். ஆறாவது ஆண்டு 2008. பலருக்கும் தெரியாத ஆண்டு அதுதான்.

டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் இன்று இயங்கும் நிறுவனத்தின் அடையாள எண்ணை, அதாவது சி.ஐ.என்.-ஐப் பார்த்தால் நடுவில் TN2008 என்று இருக்கும். மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள், நிறுவனம் பதிவான ஆண்டு. 2017-ல் நடந்த பிரிப்பில் உற்பத்தித் தொழில் முழுவதும் 2008-ல் பதிவான வேறொரு நிறுவனத்துக்கு மாறியது. பழைய பெயரும் அதனுடன் சென்றது. 1949-ல் பதிவான மூல நிறுவனம் நிதி முதலீடுகளை வைத்துக்கொண்டு, இப்போது சோழமண்டலம் பைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதன் எண்ணில் TN1949 என்று இருக்கிறது. சட்டக் கணக்கில் வயதில் மூத்தது நிதி நிறுவனம்; தொழில் கணக்கில் மூத்தது சைக்கிள் நிறுவனம்.

இதில் மோசடி எதுவும் இல்லை. தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட பிரிப்புத் திட்டத்தின்படி தொழில் தொடர்ச்சியாகக் கைமாறியிருக்கிறது. அந்த உத்தரவே தொடர்ச்சிக்கு ஆதாரம். ஆனால் விளம்பரத்தில் எழுதும் வாக்கியத்தைப் பொறுத்து உண்மை மாறிவிடும். ‘1949-ல் தொடங்கிய சைக்கிள் தொழில்’ என்றால் சரி. ‘1949 முதல் சைக்கிள் தயாரிக்கிறோம்’ என்றால் இரண்டு ஆண்டு பிசகு. ‘1861 முதல்’ என்று மொட்டையாகப் போட்டால் அது இங்கிலாந்துக்காரர்களின் வயது. பெயரின் வேர் பற்றிய செய்தியாக மட்டுமே அதைச் சொல்லலாம். அதே வேரை இன்னொருவரும் சொல்ல முடியும். பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் பெயரை 2016-ல் வாங்கியது மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ்.

ஆக, ஆண்டைத் தேடுவதற்கு முன் எதன் ஆண்டு என்று முடிவு செய்ய வேண்டும். நிறுவனம், தொழில், பிராண்டு, ஆலை, குறிப்பிட்ட பொருள் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி வரி இல்லாத காலவரிசையை நம்ப முடியாது. ஆவடியிலும் இதே நிலைதான். கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது 1961-ல். விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது 1965-ல். அந்த ஆலையை இன்று நடத்தும் ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் பதிவானதோ 2021-ல்தான்.

காலவரிசையில் ஒரு வரி

பெரும்பாலான நிறுவனங்களில் காலவரிசை எழுதப்படுவது பொன்விழா மலருக்காக. மூத்த பங்குதாரர் நினைவிலிருந்து சொல்வார், விளம்பர நிறுவனம் அழகுபடுத்தும், அடுத்த மலர் முந்தைய மலரைப் பார்த்து எழுதும். மூன்று முறை அச்சானபின் தவறான ஆண்டுக்கே மூன்று ஆதாரங்கள் இருப்பதுபோல் தோன்றும். மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பதால் அவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

ஒழுங்கான காலவரிசையில் ஒரு வரிக்கு நான்கு கட்டங்கள் போதும்: தேதி, நிகழ்ச்சி, ஆதார ஆவணத்தின் எண், நம்பகத்தின் அளவு. தேதி தெரிந்த அளவுக்கு மட்டுமே எழுதப்படும். மாதம் தெரியாவிட்டால் ஆண்டு. ஆண்டும் உறுதியில்லை என்றால் ‘1971-க்கும் 1974-க்கும் இடையில்’. இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் இரண்டையும் பதிந்து, எது ஏன் ஏற்கப்பட்டது என்று ஒரு வரி எழுத வேண்டும். முரண்பாட்டை அழித்துவிட்டால் பிறகு வருபவர் அதே சிக்கலை மறுபடி அவிழ்க்க வேண்டியிருக்கும்.

நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, வேறு ஒரு தேவைக்காக, வெளியார் ஒருவரால் உருவான ஆவணமே வலுவானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1970-களில் கூட்டு வணிகமாகத் தொடங்கிய ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். அது 1996-ல் பிரைவேட் லிமிடெட் ஆகியிருந்தால், நிறுவனப் பதிவுச் சான்றிதழ் 1996 என்றுதான் சொல்லும். முந்தைய இருபது ஆண்டுகளை நிரூபிக்க வேறு தாள்கள் வேண்டும்: கூட்டு வணிகப் பதிவாளர் அலுவலகச் சான்று, மனை ஒதுக்கீட்டு ஆணை, மின் இணைப்புக் கடிதம், தொழிற்சாலை உரிமம், விற்பனை வரிப் பதிவு, வங்கியின் கடன் அனுமதிக் கடிதம். பட்டறை புதிய கம்பெனியாக மாறியபோது தொழிலையும் பெயரையும் அதற்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எல்லாவற்றிலும் முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டும் ஒரே குடும்பத்தின் இரண்டு தனித் தொழில்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம்.

தேதியில்லாத தாளுக்கும் தேதி கண்டுபிடிக்க வழியுண்டு. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிற்பட்டது. அதற்கு முன் ‘மெட்ராஸ்-58’ என்ற பாணியில் வட்ட எண் மட்டுமே இருக்கும். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று சட்டப்படி மாறியது 1969 ஜனவரியில். ஆங்கிலக் கடிதத்தாளில் ‘மெட்ராஸ்’ சென்னையானது 1996-ல். திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் உருவானது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல். 1985 தேதியிட்ட பில்லில் திருவள்ளூர் மாவட்டம் என்று அச்சாகியிருந்தால் அந்த பில் பிற்பாடு அடித்தது. வழக்கில் இப்படி ஒரு தாள் அகப்பட்டால், அதனுடன் தாக்கலான நல்ல தாள்களையும் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும்.

ஆயுத பூஜை குரூப் போட்டோவைப் பலரும் ஆதாரமாக நினைப்பதில்லை. பொரி, பூசணிக்காய், மாலை போட்ட இயந்திரம், பின்னால் பெயர்ப் பலகை, வரிசையாகத் தொழிலாளர்கள் என்று ஒரு பட்டறையின் அந்த வருடத்து நிலவரம் முழுக்க அதில் இருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்களின் நினைவு, எதைத் தேட வேண்டும் என்று காட்டும் நல்ல வழிகாட்டி. ஆண்டை உறுதிசெய்ய அது மட்டும் போதாது.

தாள்கள் ஏன் இல்லாமல் போகின்றன

கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறது 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதனால் ஒன்பதாம் ஆண்டில் பில் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. வரிக்குத் தேவையற்றுப்போன அதே பில்தான், பிராண்டு பெயர் அந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்ததற்கு முதல்தரச் சாட்சி. எல்லாவற்றையும் வைத்திருக்க இடமிருக்காது. ஒவ்வொரு ஆண்டுக்கும் சில பில்கள், ஒரு விலைப்பட்டியல், ஒரு விளம்பரம், ஒரு லேபிள் அல்லது பெட்டி என்று எடுத்துவைத்தால் தொடர்ச்சி அறுபடாது.

மேற்குப் புறநகரில் அடுத்த எதிரி தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. ஆவணப் பெட்டி தரைத்தளத்தில், அதுவும் தரையிலேயே இருக்கும் வழக்கத்தை அன்றோடு விட்டிருக்க வேண்டும். மாடியில், சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில், அமிலமில்லாத உறைகளில் வைப்பது நல்லது. துருப்பிடிக்கும் குண்டூசியையும் ஸ்டேபிளையும் கழற்றிவிட வேண்டும். கிழிசலில் செலோடேப் ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் பசை பழுத்துத் தாளையும் எழுத்தையும் தின்றுவிடும். வெப்ப அச்சில் வந்த பழைய ஃபேக்ஸும் ரசீதும் தானாகவே வெளிறிப்போகும் என்பதால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஸ்கேன் எடுத்ததும் மூலத்தைத் தூக்கிப்போடுவது பெரிய பிழை. படம் தகவலைத் தரும். தாளின் வயது, மை, முத்திரை ஆகியவற்றை மூலத்தில்தான் சோதிக்க முடியும். ஒவ்வொரு பொருளுக்கும் வரவுப் பதிவேட்டில் ஓர் எண் கொடுத்து, யாரிடமிருந்து, எந்தக் கட்டிலிருந்து, எப்போது வந்தது என்று குறிக்க வேண்டும். கோப்புப் பெயரும் அதையே பின்பற்றலாம்: `1974-08_INV_0231.tif`. ஒரே கட்டில் இருந்த தாள்களைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல், வந்த வரிசையிலேயே வைப்பது ஆவணக் காப்பாளர்களின் பழைய விதி. தேதியில்லாத தாளுக்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்களே அதன் காலத்தைச் சொல்லிவிடும். டாடா குழுமம் புனேயிலும் கோத்ரெஜ் மும்பையிலும் இதற்கெனத் தனிக் காப்பகமே நடத்துகின்றன. பட்டறைக்கு ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் போதும். தன்னிடம் இல்லாத பழைய விளம்பரங்களைத் தேட, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் இருக்கின்றன.

ஆதாரம் வாக்கியமாகும்போது

காலவரிசை முடிந்தபின், அதில் உள்ள வலுவான வரிகளிலிருந்தே விளம்பர வாசகம் எழுதப்பட வேண்டும். ‘ஐம்பது ஆண்டுப் பாரம்பரியம்’ என்ற வாசகத்துக்குத் தொடக்க ஆண்டின் ஆதாரம் மட்டும் போதாது; இடையில் தொழில் நின்றிருந்தால் அந்த இடைவெளியைக் கழிக்க வேண்டும். பெயரை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால், வாங்கிய ஆண்டுக்கு முந்தையதைப் பெயரின் வரலாறு என்று சொல்லலாம், தன் அனுபவம் என்று சொல்லக் கூடாது. ‘முதல்’, ‘மிகப் பழமையான’ போன்ற சொற்கள் போட்டியாளர்களின் வரலாற்றையும் நிரூபிக்கச் சொல்பவை. ஒரு சிறு நிறுவனத்தால் அது அநேகமாக முடியாது, தவிர்ப்பதே மேல்.

விளம்பரத்தில் உள்ள உண்மைத் தகவல்களை நிரூபிக்க முடிய வேண்டும் என்பது 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதி. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

வணிகச் சின்னத்தில்தான் இந்தத் தாள்களுக்கு நேரடி மதிப்பு. 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, ஒரு பெயரை முன்பிருந்தே தொடர்ச்சியாகப் பயன்படுத்தி வருபவரை, பின்னால் வந்து பதிவு செய்தவர் தடுக்க முடியாது. விண்ணப்பத் தேதிக்கு முந்தைய பயன்பாட்டைக் கோருபவர் அதற்கான பிரமாணப் பத்திரத்தோடு ஆதார ஆவணங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்கின்றன 2017-ம் ஆண்டின் விதிகள். அங்கே பொன்விழா மலரை விட, பெயர் அச்சாகிய பழைய பில்லுக்கே எடை அதிகம்.