அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும்

நாம் அப்பமாவில் அப்பச்சோடா சிறிது இட்டால் அது நன்கு பொங்குகின்றது. கேக்கில் இட்டாலோ சவர்க்காரச் சுவையும் மஞ்சள் நிறமும் தோன்றுகின்றன. காரணம் யாது?

மாவை உப்பச் செய்வது காபனீரொட்சைட்டு வாயு. சோடாவிலிருந்து அது முழுமையாக வெளிப்பட அமிலம் வேண்டும். புளித்த அப்பமாவில் அமிலம் உண்டு. வெண்ணெய், சீனி, முட்டை சேர்ந்த கேக்குக் கலவையிலோ அது போதாது. அங்கே சோடா சூட்டினாற் சிதைந்து சிறிது வாயுவைத் தரினும், சோடியங் காபனேற்று எஞ்சி நின்று சுவையைக் கெடுக்கின்றது.

பேக்கிங் பவுடரில் சோடாவுடன் உலர்ந்த அமிலப் பொருளும் கலந்துள்ளது; ஈரமும் சூடும் பட்டதும் வாயு எழும். அது கைவசம் இல்லையெனில், ஒரு தேக்கரண்டி பவுடருக்கு ஈடாகக் கால் தேக்கரண்டி சோடாவும் அரைக் கோப்பை புளித்த தயிரும் சேர்த்து, பாலை அவ்வளவு குறைத்து, தாமதியாது வேகவைப்போமாக.

பழைய பவுடரைச் சுடுநீரில் இட்டுப் பார்ப்போம். நுரைத்தெழாவிடின் அது பயன்படாது.