மூன்றாவது பெர்மிஷனுக்கு என்ன விலை?

மாதச் சம்பளக்காரர் பலருக்கும் தெரிந்த வழக்கம் இது. பேங்கில் ஒரு கையெழுத்து, பிள்ளையின் பள்ளியில் ஒரு கூட்டம், பல் டாக்டரிடம் அரை மணி நேரம். இதற்கெல்லாம் ஒரு நாள் லீவு போட மனம் வராது. பெர்மிஷன் போட்டுவிட்டுக் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவோம், அல்லது மாலையில் சீக்கிரம் கிளம்புவோம். பெரும்பாலான தனியார் அலுவலகங்களில் மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன்தான். அதற்கு லீவும் கழியாது, சம்பளமும் பிடிபடாது. மூன்றாவது வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் மாலதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 18,000 ரூபாய். சாப்பாட்டு நேரம் போக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன், ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஒரு மணி நேரம். மாலதி முதல் தடவை இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு 50 நிமிடம் தாமதமாக வருகிறார். இரண்டாம் தடவை பள்ளிக் கூட்டத்துக்காக மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார். மூன்றாம் தடவை பஸ் கோளாறு, 40 நிமிடம். நான்காவது பல் டாக்டர், 70 நிமிடம். ஆக அந்த மாதம் அவர் சீட்டில் இல்லாத நேரம் மொத்தம் 220 நிமிடம், அதாவது 3 மணி 40 நிமிடம். அரை நாள் வேலைகூட ஆகவில்லை.

இந்த 220 நிமிடத்தை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. தடவையை எண்ணும் கம்பெனியில் முதல் இரண்டும் மன்னிப்பு. மூன்றாவதுக்கு அரை நாள், நான்காவதுக்கு அரை நாள். ஒரு முழு நாள் கேஷுவல் லீவு போய்விடும். நேரத்தைக் கூட்டும் கம்பெனியில், இலவசமான 2 மணி நேரம் போக மிச்சம் 100 நிமிடம்தான். அது 4 மணி நேரம் சேரும்போது அரை நாள், 8 மணி நேரம் சேரும்போது ஒரு நாள் என்று கழிப்பார்கள். அப்படியானால் இந்த மாதம் மாலதிக்கு ஒன்றும் கழியாது. 100 நிமிடம் அடுத்த மாதக் கணக்கில் ஏறும். இன்னும் சில இடங்களில், அளவைத் தாண்டிவிட்டால் இலவச நேரத்தையும் சேர்த்தே கூட்டுவார்கள். அப்போது 220 நிமிடமும் கணக்கில் வரும். இன்னும் 20 நிமிடம் கூடியிருந்தால் அரை நாள் போயிருக்கும்.

ஒரே ஆள், ஒரே 220 நிமிடம். ஓரிடத்தில் ஒரு நாள் லீவு நஷ்டம், இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை. பெர்மிஷன் மணிக்கணக்கில் ஓடுகிறது, லீவோ அரை நாள் கணக்கில் ஓடுகிறது. மணியை அரை நாளாக மாற்றுமிடத்தில் மேல்நோக்கி முழுமையாக்கினால், நஷ்டம் எப்போதும் ஊழியருக்குத்தான். எனக்குத் தடவையை எண்ணும் முறை நியாயமாகப் படவில்லை. கம்பெனிக்கும் அதில் லாபமில்லை. 40 நிமிடத் தாமதத்துக்கு எப்படியும் அரை நாள் போகும் என்று தெரிந்தவர் எதற்காக அடித்துப்பிடித்து ஓடிவர வேண்டும்? மதியம் சாப்பிட்டுவிட்டு வருவார். 40 நிமிடத்தோடு முடிய வேண்டியது 4 மணி நேரமாகிவிடும்.

மத்திய அரசு அலுவலகங்களும் தடவையைத்தான் எண்ணுகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் வரும் தாமதத்தை, தக்க காரணம் இருந்தால், மாதத்தில் இரண்டு தடவை வரை அதிகாரி மன்னிக்கலாம். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும். அங்கே வருடத்துக்குத் தற்செயல் விடுப்பே 8 நாள்தான். அது தீர்ந்தால் ஈட்டிய விடுப்பில் கை வைப்பார்கள்.

லீவு கையிருப்பு இருக்கும்வரை இதெல்லாம் லீவுக் கணக்கோடு நிற்கும். நவம்பர், டிசம்பரில் கேஷுவல் லீவு தீர்ந்துவிட்ட பிறகுதான் சிக்கல். அப்போது அந்த அரை நாள், சம்பளப் பிடித்தமாக, எல்ஓபியாக வருகிறது. “மேடம், சிஸ்டத்துல ஹாஃப் டே எல்ஓபி காட்டுதுங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்று எச்.ஆரில் சொல்வார்கள். ஆனால் சம்பளத்தில் கை வைக்கும்போது கம்பெனி விதி மட்டும் போதாது. சட்டம் குறுக்கே வருகிறது.

வேலைக்கு வராத நேரம், வேலை செய்ய வேண்டிய மொத்த நேரத்தில் என்ன விகிதமோ, அந்த விகிதத்துக்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொன்னது இது. 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. முன்னறிவிப்பில்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ கூட்டாக வேலைக்கு வராமல் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

மாலதிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அந்த மாதம் 25 வேலை நாள் என்றால் அவர் செய்ய வேண்டிய நேரம் 200 மணி. 18,000 ரூபாயை 200-ஆல் வகுத்தால் மணிக்கு 90 ரூபாய், நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். பஸ் கோளாறால் போன 40 நிமிடத்துக்கு 60 ரூபாய் வரை பிடிக்கலாம். சம்பளத்தை 30-ஆல் வகுத்து அரை நாள் எல்ஓபி போட்டால் 300 ரூபாய் போகும். கூடுதலாகப் பிடித்த 240 ரூபாயை ‘வராத நேரத்துக்கான பிடித்தம்’ என்று சொல்ல முடியாது. ‘அது அபராதம்’ என்றாலும் எளிதில் தப்ப முடியாது. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்பே அனுமதி பெற்று அறிவித்திருக்க வேண்டும், ஊழியரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், தொகை சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வசூலான பணம் ஊழியர் நலனுக்கே செலவாக வேண்டும்.

கேஷுவல் லீவில் அரை நாள் கழிப்பதை இந்தப் பிரிவு தடுப்பதில்லை. அது சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. லீவுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கம்பெனியின் லீவு விதியும்தான் ஆதாரம். ஆகவே அவற்றை ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘இரண்டு தடவை’ என்று இருக்கிறதா, ‘இரண்டு மணி நேரம்’ என்று இருக்கிறதா? இரண்டு மணி நேரம் என்றால் அதை நான்கு அரை மணியாகப் பிரித்து எடுக்க முடியும். தடவை என்றால் 50 நிமிடத்தில் திரும்பி வந்ததால் மிச்சமான 10 நிமிடம் எதற்கும் உதவாது.

பலர் ஏமாந்துபோவது மாதம் எங்கே தொடங்குகிறது என்பதில். சம்பளக் கணக்கு 26-ஆம் தேதி தொடங்கி மறு மாதம் 25-ல் முடியும் அலுவலகங்கள் நிறைய. அங்கே ஜூன் 27, ஜூலை 8, ஜூலை 20 ஆகிய மூன்று நாளும் ஒரே கணக்கில் விழும். ஜூலையில் இரண்டுதானே எடுத்தேன் என்று நினைப்பவருக்கு மூன்றாவது பிடிபடும். இன்னொன்று, ஐந்து நிமிடத் தாமதம். ஒன்பதரைக்கு வர வேண்டியவர் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பத்தரைக்குப் பதில் 10:35-க்கு விரல் வைத்தால், சில சாஃப்ட்வேர்கள் அந்தப் பெர்மிஷனையே ஏற்காமல் காலைப் பொழுது முழுவதையும் ஆப்சென்ட் போட்டுவிடும். சாதாரண நாளில் கிடைக்கும் பத்து நிமிடச் சலுகை பெர்மிஷன் நாளில் இருக்காது. மேலதிகாரி வாயால் சொன்ன சம்மதமும் சாஃப்ட்வேரில் ஏறாவிட்டால் கணக்கில் வராது.

அதனால் கணக்கு மூடுவதற்கு முன்பே அட்டெண்டன்ஸ் அறிக்கையைத் திறந்து, பெர்மிஷன் நாள்களின் வந்த நேரமும் போன நேரமும் சரியா என்று பார்த்துவிடுவது நல்லது. சம்பளம் ஏறிய பிறகு தெரிந்தால், எந்த நாள், எத்தனை நிமிடம், மணிக்கு எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்ற நான்கையும் எழுதி மெயிலில் கேளுங்கள். ‘ஹாஃப் டே எப்படி வந்தது’ என்று நேரில் கேட்டால் சிஸ்டத்தைக் காட்டுவார்கள். 40 நிமிடத்துக்கு 300 ரூபாய் எந்த விகிதம் என்று எழுத்தில் கேட்டால் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.