இரு மொழி மேசை – 9: விடுப்பு விண்ணப்பத்தில் மரியாதை

சென்ற வாரம் அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகிய வரிகளைப் பார்த்தோம். இனி கடிதத்துக்குள் போவோம்.

ஓர் ஆசிரியை தலைமை ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறார்: "மை பிரதர் இஸ் இன் ஹாஸ்பிட்டல். ஹி நீட்ஸ் மை ஹெல்ப். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ கேஷுவல் லீவ் ஃபார் டூ டேஸ்."

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றுவிடும். அண்ணனா, தம்பியா? அண்ணன் என்றால் "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார்". பள்ளியில் படிக்கும் தம்பி என்றால் "சேர்க்கப்பட்டுள்ளான்" என்று எழுதலாம்; அதில் மரியாதைக் குறைவு இல்லை. வளர்ந்த தம்பிக்கு அலுவலகக் கடிதத்தில் "ஆர்" விகுதியே பொருந்தும். ஊகித்து எழுதாமல், எழுதியவரிடம் கேட்டுவிடுவதே சரி.

அடுத்தது அந்த "யூ". "நீங்கள் எனக்கு விடுப்பு கொடுக்க வேண்டும்" என்று எழுதினால் இலக்கணம் சரிதான். ஆனால் படிக்கும் தலைமை ஆசிரியருக்கு அது வேண்டுகோளாகப் படாது, உத்தரவாகவே படும். தமிழில் இதற்கு நல்ல வழி உண்டு. "இரண்டு நாட்கள் தற்செயல் விடுப்பு அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதில் முன்னிலைப் பெயரே வரவில்லை, பணிவை "உதவுமாறு" என்ற சொல் சுமக்கிறது. பெயர் வந்தே ஆக வேண்டிய இடத்தில் "தாங்கள்", "தங்கள்" என்று எழுதலாம். அப்படித் தொடங்கினால் கடைசி வரி வரை அதையே தொடர வேண்டும். பாதியில் "உங்கள்" என்று இறங்கினால் கண்ணில் உறுத்தும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது சிக்கல் வேறு. "உதவுமாறு" என்பதை "ஹெல்ப் மீ" என்று மாற்றினால் பொருளே கெட்டுவிடும். "கைண்ட்லி கிராண்ட்" போதும். "மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்" என்ற வரியில் மருத்துவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆங்கிலத்தில் "ஹி" போட்டுவிடாமல், "ஐ ஹேவ் பீன் அட்வைஸ்ட் டு ரெஸ்ட்" என்று எழுதிவிட்டால் தவறு நேராது. "என் மாமியார்... அவரை" என்று வந்தால் மட்டும் "ஹெர்" என்று தயங்காமல் எழுதலாம்.

பெறுநர் பெண் என்றால் "ஐயா" என்பது "அம்மா" அல்லது "அம்மையீர்" ஆகும். ஆங்கிலத்தில் "சார்" என்பது "மேடம்" ஆகும். பழைய கடிதத்தைப் பார்த்து நகலெடுப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பதவிப் பெயருக்குப் பின் "அவர்கள்" சேர்க்கலாம். கையொப்பத்துக்குக் கீழே தன் பெயருக்கு முன் "திரு", "திருமதி" எதுவும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் முன்னிலைச் சொற்களையும் வினைமுற்றுகளையும் மட்டும் அடிக்கோடிட்டு ஒருமுறை வரிசையாகப் படியுங்கள். ஒன்று மட்டும் தரம் இறங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம்: மருத்துவச் சான்றுடன் வரும் விடுப்பு நீட்டிப்புக் கடிதம்.