கூட்டல் சரி, பில் தப்பு

மாதக் கடைசியில் டிசைனரிடமிருந்து பில் வருகிறது. நான்கைந்து வரிகள், எதிரே மணி நேரம், ரேட், தொகை. பெரும்பாலான கடைக்காரர்கள் கால்குலேட்டரை எடுத்துத் தொகைகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டல் சரியாக இருந்தால் பணத்தை அனுப்பிவிடுவார்கள். ஆனால் மணிக்கணக்கில் வேலை செய்யும் ஃப்ரீலான்சரின் பில்லில் தவறு கூட்டலில் வருவது அபூர்வம். நிமிடம் மணியாகும் இடத்திலும், சாதா ரேட் அர்ஜென்ட் ரேட்டாகும் இடத்திலும்தான் அது நுழைகிறது.

ஓர் இனிப்புக் கடை, தீபாவளி நேரத்தில் ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஒருவரிடம் வேலை கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கொண்டது இதுதான். மணிக்கு 600 ரூபாய். ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரம் அடுத்த கால் மணிக்கு உயர்த்திக் கணக்கிடப்படும். கேட்ட 24 மணி நேரத்துக்குள் வேண்டும் என்று கடை சொன்னால் அது அர்ஜென்ட். அதற்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 900 ரூபாய்.

வந்த பில் இப்படி இருக்கிறது. வெப்சைட் பேனர் 2.15 மணி, 1,290 ரூபாய். பத்திரிகை விளம்பரம், அர்ஜென்ட், 3.5 மணி, 3,150 ரூபாய். விலைப்பட்டியல் திருத்தம் மூன்று முறை, தலா கால் மணி, 450 ரூபாய். போஸ்டர், அர்ஜென்ட், 2 மணி, 1,800 ரூபாய். மொத்தம் 6,690 ரூபாய். பெருக்கல், கூட்டல் இரண்டும் சரி. ஆனாலும் இந்தப் பில்லில் மூன்று பிழைகள் இருக்கின்றன.

அவற்றைக் கண்டுபிடிக்கப் பில் மட்டும் போதாது. ரவுண்ட் செய்வதற்கு முன்னால் உண்மையில் ஆன நிமிடங்கள் வேண்டும். அதனால் முதல் வேலை, டைம்ஷீட்டைக் கேட்டு வாங்குவது. அதில் பேனருக்கு 130 நிமிடம், விளம்பரத்துக்கு 200, திருத்தங்களுக்கு 10, 5, 8, போஸ்டருக்கு 95 நிமிடம் என்று இருக்கிறது.

இப்போது வரி வரியாகப் போகலாம். பேனரின் 130 நிமிடத்தைக் கால் மணிக்கு உயர்த்தினால் 135 நிமிடம், அதாவது இரண்டே கால் மணி. அதை 2.25 என்று எழுதி 600-ஆல் பெருக்கினால் 1,350 ரூபாய் வரும். டிசைனர் 2 மணி 15 நிமிடத்தை 2.15 என்று எழுதிப் பெருக்கிவிட்டார். 60 ரூபாய் அவருக்குத்தான் நஷ்டம். இந்தப் பிழையைப் பிடிக்க டைம்ஷீட்கூடத் தேவையில்லை. கால் மணிக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் 25, 5, 75 மட்டும்தான் வர முடியும். .15, .30, .45 என்று எங்கே பார்த்தாலும் நிமிடத்தை அப்படியே தசமமாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது போஸ்டர். 95 நிமிடம் அடுத்த கால் மணிக்குப் போனால் 105, ஒன்றே முக்கால் மணி. பில்லில் 2 மணி இருக்கிறது. உயர்த்தியது 25 நிமிடம். ஒரு வேலையைக் கால் மணிக்கு உயர்த்தும்போது எந்த நிலையிலும் 15 நிமிடம் கூடாது. அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆகவே ஏதோ ஒன்று இரண்டு முறை உயர்ந்திருக்கிறது. டைம்ஷீட்டை உற்றுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. டிசைனர் நடுவில் டைமரை நிறுத்தி நிறுத்தி வேலை செய்திருக்கிறார்: 40, 32, 23 நிமிடம் என்று மூன்று பதிவுகள். ஒவ்வொரு பதிவும் தனித்தனியே 45, 45, 30 என்று உயர்ந்து 120 ஆகிவிட்டது. ஒப்பந்தம் சொன்னது ஒரு வேலைக்கு ஒரு முறை. டைமரை நிறுத்திய ஒவ்வொரு முறைக்கும் அல்ல.

மூன்றாவது பிழையும் போஸ்டரில்தான், தொகையில் பெரியதும் அதுதான். கடை அதைத் திங்கட்கிழமை கேட்டு, வியாழக்கிழமை வந்தால் போதும் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறது. டிசைனர் சுறுசுறுப்பாகச் செவ்வாயே கொடுத்துவிட்டார். வேலை சீக்கிரம் முடிந்தது என்பதால் அது அர்ஜென்ட் ஆகிவிடாது; சீக்கிரம் வேண்டும் என்று கேட்டிருந்தால்தான் அர்ஜென்ட். ஒவ்வொரு அர்ஜென்ட் வரிக்கும், கேட்ட மெசேஜின் தேதியும் நேரமும், அதில் சொன்ன கெடுவும் கையில் இருக்க வேண்டும். இங்கே ஒன்றே முக்கால் மணிக்குச் சாதா ரேட்டில் 1,050 ரூபாய்தான் வரும். 750 ரூபாய் குறைகிறது.

பத்திரிகை விளம்பரம் சரியாக இருக்கிறது, ஆனால் அது ஏன் சரி என்று தெரிந்துகொள்வது நல்லது. 200 நிமிடம் முதலில் மூன்றரை மணியாக உயர்ந்து, பிறகு 900-ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது. சிலர் ரேட்டை விட்டுவிட்டு நேரத்தை ஒன்றரை மடங்காக்குவார்கள். 200 நிமிடம் 300 ஆகி, ஐந்து மணிக்கு 600 ரூபாய் வீதம் 3,000 வரும். 150 ரூபாய் வித்தியாசம். எந்த வரிசையில் கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். நேரம், ரேட் இரண்டும் ஒன்றரை மடங்காகிவிட்டால்தான் ஆபத்து: ஐந்து மணிக்கு 900 வீதம் 4,500 ரூபாய். பில்லில் உள்ள மணி டைம்ஷீட்டைவிட ஒன்றரை மடங்காக இருந்து, ரேட்டும் 900 என்று இருந்தால் அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்.

மிச்சமிருப்பது விலைப்பட்டியல் திருத்தம். ஒரே நாளில், ஒரே ஃபைலில், ஒரு மணி நேரத்துக்குள் கடை மூன்று மெசேஜ் அனுப்பியது. மூன்றும் தனி வேலை என்றால் முக்கால் மணி, 450 ரூபாய். ஒரே வேலை என்றால் 23 நிமிடம் அரை மணியாகி 300 ரூபாய். எது வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. எனவே இதைப் பிழை என்று சொல்லக் கூடாது. இந்த 150 ரூபாயை வெட்டுவது நியாயமில்லை. இந்த முறை கொடுத்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு விதியைப் பேசி வைத்துக்கொள்வதே முறை. கடைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. திருத்தங்களைச் சேர்த்து ஒரே மெசேஜில் அனுப்பினால் இந்தக் கேள்வியே எழாது.

ஆக, சரியான தொகை 6,000 ரூபாய். வரிகள் அதிகமிருந்தால் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வேலைக்கு ஒரு வரியாக, B-யில் நிமிடமும் C-யில் அர்ஜென்ட்டா என்பதும் இட்டு இந்த ஃபார்முலாவைப் போடலாம்:

```
=CEILING(B2,15)/60*IF(C2="ஆம்",900,600)
```

நேரத்தை 2:10 என்ற வடிவில் இடாமல் 130 என்று நிமிடமாகவே இடுவது முக்கியம். ஸ்ப்ரெட்ஷீட் 2:10 என்பதை ஒரு நாளின் பின்னமாகத்தான் வைத்துக்கொள்ளும். ஃபார்முலா தப்பான விடை தரும்.

கடைசியில், கண்டதை டிசைனருக்குச் சொல்லும் விதம். மொத்தத்தில் இவ்வளவு குறையுங்கள் என்றால் அது பேரம். வரியும் காரணமும் சொன்னால் அது கணக்கு. “தம்பி, பில் பார்த்தேன். பேனர் இரண்டே கால் மணி, 2.25-ன்னு போடணும், உங்களுக்கு 60 ரூபா கூட வரும். போஸ்டர் வியாழக்கிழமைக்குத்தான் கேட்டிருந்தேன், சாதா ரேட்தான். நேரமும் 95 நிமிஷம், ஒன்றே முக்கால் மணிதான் ஆகுது. திருத்தம் மூணும் நீங்க போட்டபடியே இருக்கட்டும். 6,000-க்கு மாத்தி அனுப்புங்க, இன்னிக்கே போட்டுடறேன்.” அவருக்குச் சேர வேண்டிய 60 ரூபாயை முதலில் சொன்னதால், பின்னால் குறைக்கும் 750-ஐயும் அவர் நம்பிப் படிப்பார். அடுத்த மாதம் வேலை தொடங்கும் முன் இரண்டு வரிகளை எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும்: ஒரே நாளில் ஒரே ஃபைலுக்கு வரும் திருத்தங்கள் ஒரே வேலை, நேரத்தை உயர்த்திய பிறகே அர்ஜென்ட் ரேட்டால் பெருக்க வேண்டும்.