ஆபீஸ் அப்டேட்: யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்?

தலைமை அலுவலகம் அனுப்பிய எக்செல் ஃபைலைக் கிளை அலுவலகத்தில் திறக்கிறார்கள். எண்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றன. ஒரு கட்டத்தில் ஏதோ திருத்தி என்டர் தட்டியதும் அங்கே #NAME? என்று வந்து நிற்கிறது. ஃபார்முலாவைப் பார்த்தால் `_xlfn.VSTACK` என்றிருக்கிறது. ஃபைல் கெட்டுப்போகவில்லை. VSTACK என்ற ஃபங்ஷன் தலைமை அலுவலகத்தின் எக்செல்லில் இருக்கிறது, கிளையில் இருக்கும் 2021 பதிப்பில் இல்லை. முதலில் தெரிந்தவை பழைய கணக்கின் விடைகள். மறுபடி கணக்கிடச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இரண்டு இடத்திலும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்தான். ஆனால் அவை புதியவற்றைப் பெறும் வழி வேறு. இந்த வழிக்குத்தான் அப்டேட் சேனல் என்று பெயர். சந்தா செலுத்தும் மைக்ரோசாஃப்ட் 365-இல் கரண்ட் சேனல் என்று ஒன்று உண்டு. ஒரு வசதி தயாரானதும் அதில் வந்துவிடும், இந்தத் தேதிதான் என்ற கணக்கில்லை. மன்த்லி என்டர்பிரைஸ் சேனலில் மாதம் ஒருமுறை, இரண்டாம் செவ்வாய்க்கிழமை மட்டும் வரும். செமி ஆனுவல் சேனலில் புதிய வசதிகள் ஜனவரியிலும் ஜூலையிலும்தான். இவற்றுக்கு வெளியே தனியாக நிற்பது எல்.டி.எஸ்.சி. என்னும் நீண்டகாலப் பதிப்பு. ஒருமுறை வாங்கினால் அதில் உள்ள வசதிகள் கடைசிவரை அப்படியே இருக்கும், புதிதாக எதுவும் சேராது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இந்த நான்கிலும் மாதந்தோறும் வரும். மெதுவான சேனல் என்றால் பாதுகாப்பு குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை.

சேனலின் அருமை 2022-இல் நன்றாகத் தெரிந்தது. இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோ ஓடுவதை ஆபீஸ் தானாகவே தடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. வைரஸ் பரப்புகிறவர்கள் மேக்ரோவைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள் என்பதால் அது சரியான முடிவு. ஆனால் மின்னஞ்சலில் வரும் சம்பளப் பட்டியலை மேக்ரோ வைத்து ஓட்டும் கணக்குப் பிரிவுக்கு? ஃபைலைத் திறந்ததும் சிவப்புப் பட்டை. முன்பெல்லாம் இருந்த ‘அனுமதி’ பொத்தான் அதில் கிடையாது.

இந்த மாற்றம் கரண்ட் சேனலுக்கு ஜூலை 27 அன்று வரத் தொடங்கியது. மன்த்லி என்டர்பிரைஸுக்கு அக்டோபர் 11. செமி ஆனுவலுக்கு 2023 ஜனவரி 10. கணக்குப் பிரிவில் இரண்டு பேரைக் கரண்ட் சேனலிலும் மற்றவர்களை செமி ஆனுவலிலும் வைத்திருந்த நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். அந்த இருவருடைய திரையில் சிவப்புப் பட்டை ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும். எந்தெந்த ஃபைல் நிற்கிறது என்று பட்டியல் எடுக்கவும், மேக்ரோக்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து போடவும், அல்லது அவற்றை நம்பகமான இடமாக அறிவித்த ஒரு ஃபோல்டருக்கு மாற்றவும் ஐ.டி. பிரிவுக்கு ஐந்து மாத அவகாசம். எல்லோரையும் கரண்டில் வைத்த இடத்தில் சம்பள நாளன்றுதான் தெரிந்திருக்கும். எல்லோரையும் செமி ஆனுவலில் வைத்த இடத்திலும் அதே கதைதான், ஆறு மாதம் தள்ளி. தாமதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. முன்னால் போய்ப் பார்க்கச் சிலர் இருந்தால்தான் அந்தத் தாமதத்துக்குப் பயன்.

அதனால் நல்ல ஐ.டி. ஆட்கள் முழு நிறுவனத்துக்கும் ஒரே சேனல் போடுவதில்லை. முதலில் தங்கள் கணினிகளையும், ஒவ்வொரு பிரிவிலும் மேக்ரோவும் ஆட்-இன்னும் அதிகம் பயன்படுத்தும் ஓரிருவரையும் கரண்டில் வைக்கிறார்கள். ஆர்வமுள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பது தவறு. சிக்கலான பழைய ஃபைல்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள்தான் வேண்டும். மற்றவர்களுக்கு மன்த்லி என்டர்பிரைஸ் பெரும்பாலும் பொருந்தும். நாள் முன்கூட்டியே தெரியும் என்பதே அதன் பலம். நம் நேரப்படி செவ்வாய் இரவு வெளியாவதால், புதன் காலை உதவிக்கு ஆளை உட்கார வைக்கலாம். அமைப்பதற்கு இவ்வளவு போதும்:

```xml
<Configuration>
  <Updates Enabled="TRUE" Channel="MonthlyEnterprise" />
</Configuration>
```

வேகமான சேனலிலிருந்து மெதுவானதற்கு மாற்றினால் பதிப்பு எண் பின்னோக்கிப் போகும், நேற்றுவரை இருந்த வசதி காணாமல் போகும். பயனர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பதிப்பைப் பார்ப்பது எளிது: File, பிறகு Account. 2208 என்றிருந்தால் அது 2022 ஆகஸ்ட் பதிப்பு.

எல்.டி.எஸ்.சி. எனக்குப் பிடித்த தேர்வல்ல. இணையமே இல்லாத தொழிற்சாலைக் கணினிக்கும், வருடக்கணக்கில் எதுவும் மாறக்கூடாத கருவியோடு இணைந்த கணினிக்கும் அது சரி. செலவு மிச்சம் என்று அலுவலகம் முழுக்கப் போட்டால் VSTACK போன்ற சிக்கல் தொடர்ந்து வரும். பிறகு சந்தாவுக்கு மாற வேண்டுமானால் சேனல் பெயரை மாற்றினால் போதாது. பழையதை நீக்கிவிட்டு வேறு உரிமத்தோடு புதிதாக நிறுவ வேண்டும். 2021 பதிப்புக்கான ஆதரவு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது, 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 வரை.