ஒரு புள்ளி, இரண்டு திரவங்கள்: முக்கோண வரைபடத்தைப் படிப்பது எப்படி?

குளோரோஃபார்மும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராதவை. எவ்வளவு குலுக்கினாலும் சற்று நேரத்தில் கனமான குளோரோஃபார்ம் கீழேயும் தண்ணீர் மேலேயும் பிரிந்து நிற்கும். அசிட்டிக் அமிலம் அப்படியல்ல. அது தண்ணீரிலும் எந்த அளவிலும் கரையும், குளோரோஃபார்மிலும் எந்த அளவிலும் கரையும். இந்த மூன்றையும் ஒரே குடுவையில் ஊற்றிக் குலுக்கினால் அமிலம் எந்த அடுக்குக்கு எவ்வளவு போகும்?

51 கிராம் குளோரோஃபார்ம், 34 கிராம் தண்ணீர், 15 கிராம் அசிட்டிக் அமிலம் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிராம் என்பதால் இந்த எண்களே சதவீதமும் ஆகின்றன. குடுவையின் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ். இந்தக் கலவையை ஒரு முக்கோணத்துக்குள் ஒரே புள்ளியாகக் குறித்துவிடலாம்.

மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்றை வரையுங்கள். உச்சி முனை சுத்தமான அசிட்டிக் அமிலம், கீழே இடது முனை சுத்தமான குளோரோஃபார்ம், வலது முனை சுத்தமான தண்ணீர். ஒரு முனையில் அதற்குரிய பொருள் 100 சதவீதம். அந்த முனைக்கு எதிரே உள்ள பக்கத்தில் அதே பொருள் பூஜ்யம். ஆகவே அமிலத்தின் அளவை அறிய, அடிப்பக்கத்திலிருந்து புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். அடிப்பக்கத்துக்கு இணையாக 15 என்ற உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். தண்ணீருக்கு, இடப்பக்கத்திலிருந்து 34 அளவு தள்ளி, அந்தப் பக்கத்துக்கு இணையாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே நம் கலவை. சமபக்க முக்கோணத்துக்குள் எந்தப் புள்ளியிலிருந்தும் மூன்று பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களைக் கூட்டினால் முக்கோணத்தின் உயரமே வரும். அதனால் மூன்றாவது அளவைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை. குளோரோஃபார்ம் தானாகவே 51 என்று வந்து நிற்கும்.

அடுத்து, அடிப்பக்கத்தின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைகோடு தெரியும். அதுதான் கரைதிறன் வளைகோடு. அதற்கு வெளியே உள்ள கலவைகள் ஒரே தெளிந்த திரவமாக இருக்கும். உள்ளே உள்ளவை இரண்டு அடுக்காகப் பிரியும். இந்தக் கோட்டை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் முறை எளியது. குளோரோஃபார்மையும் அமிலத்தையும் தெரிந்த அளவில் கலந்தால் தெளிவாக இருக்கும். பியூரெட்டிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு சொட்டில் திரவம் சட்டென்று பால்போலக் கலங்கி, குலுக்கினாலும் தெளியாமல் நிற்கும். இரண்டாவது அடுக்கு பிறக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தக் கலங்கலே அடையாளம். அந்தக் கணத்தில் உள்ள மூன்று அளவுகளும் வளைகோட்டின் ஒரு புள்ளி. அமிலத்தின் அளவை மாற்றி மாற்றிச் செய்தால் முழுக்கோடும் கிடைத்துவிடும்.

நம் புள்ளி இந்த வளைகோட்டுக்கு உள்ளே விழுகிறது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். 15 சதவீத அமிலம் உள்ள திரவம் என்று எதுவும் அந்தக் குடுவையில் இல்லை. அந்தப் புள்ளி ஊற்றிய மொத்தக் கணக்கை மட்டுமே சொல்கிறது. உண்மையில் இருக்கும் இரண்டு திரவங்களும் வளைகோட்டின் மேல் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. அந்த இரண்டையும் சேர்க்கும் நேர்கோடுதான் இணைப்புக் கோடு. அது நம் புள்ளி வழியாகப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு அடுக்குகளையும் கூட்டினால் நாம் ஊற்றியதே வர வேண்டும்.

அப்படியானால் புள்ளி வழியாகக் கிடையாக ஒரு கோடு இழுத்துவிடலாமா? கூடாது. கிடைக்கோடு என்றால் இரு அடுக்கிலும் அமிலம் ஒரே சதவீதம் என்று பொருள். அமிலத்துக்குத் தண்ணீர்மேல் நாட்டம் அதிகம். தண்ணீரோடு அது ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. எனவே இந்த மூன்று திரவங்களுக்கு இணைப்புக் கோடுகள் தண்ணீர்ப் பக்கம் உயர்ந்து சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்வு என்பதை ஊகிக்க முடியாது, அளந்தே அறிய வேண்டும். பிரிபுனலில் குலுக்கி, அடுக்குகள் தெளியும்வரை விட்டு, ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து, பினாப்தலீன் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்த்தால் அமிலத்தின் அளவு தெரிந்துவிடும்.

நம் கலவை வழியாகச் செல்லும் கோட்டின் முனைகள் ஏற்கெனவே அளக்கப்பட்டவை. மேலடுக்கில் அமிலம் 25.1, தண்ணீர் 73.7, குளோரோஃபார்ம் 1.2 சதவீதம். கீழடுக்கில் அமிலம் 6.8, தண்ணீர் 1.4, மீதி ஏறக்குறைய 92 சதவீதமும் குளோரோஃபார்ம். கிடைக்கோடு போட்டவர் இரண்டுக்கும் 15 என்று எழுதியிருப்பார்.

அடுக்குகளின் எடையும் அதே கோட்டில் இருக்கிறது. கோட்டை ஒரு துலாக்கோலாகவும் நம் புள்ளியை அதன் தாங்கியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள்: தாங்கிக்கு அருகே உள்ள முனையில்தான் எடை அதிகம். அமில அளவுகளை வைத்தே கணக்கிடலாம். மேலடுக்கு முனைவரை தூரம் 25.1 − 15 = 10.1. கோட்டின் முழு நீளம் 25.1 − 6.8 = 18.3. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.55, அதாவது கீழடுக்கு 55 கிராம், மேலடுக்கு 45 கிராம். எதிர் முனைக்கான தூரமே ஒரு அடுக்கின் எடையைத் தருகிறது என்பதைக் கவனியுங்கள். இதை மாற்றிப் போடுவதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. புனலில் தெரியும் உயரத்தை வைத்தும் இதைச் சரிபார்க்க முடியாது. குளோரோஃபார்ம் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது என்பதால் எடை கூடிய அடுக்கு கண்ணுக்குச் சிறிதாகவே தெரியும்.

சரிபார்க்க நம்பகமான வழி அமிலத்தைக் கூட்டிப் பார்ப்பது. 45 கிராமில் 25.1 சதவீதம் 11.3 கிராம். 55 கிராமில் 6.8 சதவீதம் 3.7 கிராம். மொத்தம் 15, ஊற்றிய அளவே திரும்ப வந்துவிட்டது.

அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் புள்ளி உச்சியை நோக்கி ஏறும். அது தொடும் இணைப்புக் கோடுகளும் குறுகும். மேலே சொன்ன கோட்டில் இரு அடுக்குகளின் அமில அளவுக்கும் உள்ள விகிதம் 3.7. உயரத்தில் உள்ள இன்னொரு கோட்டில் அளவுகள் 47.9, 34.6, விகிதம் 1.4 மட்டுமே. கடைசியில் இரு முனைகளும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குப் பிளெய்ட் புள்ளி என்று பெயர். அங்கே இரு அடுக்குகளுக்கும் வேறுபாடே இல்லை. கோட்டுக்குக் கோடு விகிதம் இப்படி மாறுவதால், ஒரு கோட்டின் விகிதத்தை இன்னொரு கலவைக்குப் பயன்படுத்தக் கூடாது. நம் புள்ளி இரண்டு அளந்த கோடுகளுக்கு நடுவே விழுந்தால், இரண்டின் சாய்வுக்கும் இடைப்பட்ட சாய்வில் ஒரு கோடு வரைந்து படிக்கலாம்.

வெப்பநிலை மாறினால் வளைகோடும் மாறும், சாய்வும் மாறும். 18 டிகிரிக்கான படம் வேறொரு வெப்பநிலைக்கு உதவாது. நீங்களே தரம்பார்த்துக் கண்ட இரு முனைகளையும் சேர்க்கும் கோடு, ஊற்றிய கலவையின் புள்ளியை விட்டு விலகிப் போனால் பிழை செய்முறையில்தான் இருக்கிறது. அடுக்குகள் முழுதாகத் தெளியும் முன்பே மாதிரி எடுத்திருக்கலாம், அல்லது அறை சூடேறியிருக்கலாம். அந்த அளவீட்டை விட்டுவிட்டு, வெப்பநிலையை நிலைநிறுத்தி, மறுபடி குலுக்கித் தொடங்குவதே முறை.